வெள்ளைச் சேலையை எழுதி வைக்கச் சொன்னது யார்?

மருதமுனையில் ஒரு கைத்தறிக் கடைக்கு வட்ஸ்அப்பில் ஓடர் எடுக்கும் சட்பொட் ஒன்றை நானும் ஒரு நண்பரும் செய்து கொடுத்திருந்தோம். ஓடத் தொடங்கி ஐந்தாறு மாதம் இருக்கும். ஒரு நாள் காலை கடைக்கார நானா போன் எடுத்தார்.

"தம்பி, ஒருக்கா இஞ்ச வந்து பாருங்க. ஒரு புள்ள போன் எடுத்து அழுகுது."

நடந்தது இதுதான். களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா சில மாதங்களுக்கு முன் மூன்று வெள்ளைச் சேலை வாங்கியிருந்தார். கணவரின் முப்பத்தோராம் நாளுக்கு வேண்டும், அதற்கு முன் வந்து சேருமா என்று மெசேஜில் கேட்டிருந்தார். சேலை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு அவருடைய மகளுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்குக் கட்ட நாலு சேலை வேண்டும் என்று மகள் அம்மாவின் போனிலிருந்தே எழுதினார். உடனே போன பதிலில், அம்மாவுக்குப் பிடித்த நிறம் வெள்ளை என்றும், போன முறை போல வெள்ளையே அனுப்பலாமா என்றும் இருந்தது. அம்மா பக்கத்தில் இருந்து அதை வாசித்திருக்கிறார்.

மகள் கடைக்குப் போன் எடுத்துக் கேட்டது ஒரே கேள்வி: "அதை ஆரு எழுதி வைக்கச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. நாங்கள்தான் எழுதி வைத்தோம், அதுவும் எழுதி வைக்கிறோம் என்பதே எங்களுக்குச் சரியாகத் தெரியாமல். அன்றைக்குக் கடையின் பின்பக்கம் தறிச் சத்தத்துக்கு நடுவே இருந்து அந்த எண்ணுக்குரிய பதிவைத் திறந்து பார்த்தேன். இரண்டு வரி இருந்தது. ஒன்று, "விரும்பும் நிறம்: வெள்ளை". அடுத்தது, "கணவரை இழந்தவர்". இரண்டாவது வரியை நான் இன்னும் மறக்கவில்லை.

இது எப்படி வந்தது என்று விளங்க, சட்பொட்டின் ஞாபகம் எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். பதில் எழுதுவது மொழி மாதிரி என்ற செயற்கை நுண்ணறிவு நிரல். அதற்குத் தானாக எந்த ஞாபகமும் கிடையாது. ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு கட்டு எழுத்தை அனுப்புகிறோம், அதை வாசித்துப் பதில் எழுதுகிறது, அத்துடன் முடிந்தது. நேற்றுப் பேசியது அதற்குத் தெரிய வேண்டுமென்றால், நேற்றைய விஷயத்தை எங்கேயோ சேமித்து, இன்றைய கட்டின் தலைப்பில் யாராவது ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டுவது நாங்கள் எழுதிய நிரல். ஆகவே சட்பொட் ஞாபகம் வைத்திருக்கிறது என்று சொல்லும்போது உண்மையில் மூன்று வேலை நடக்கிறது: உரையாடலிலிருந்து எதையோ பொறுக்கி எடுப்பது, அதைத் தரவுத்தளத்தில் வைப்பது, பிறகு ஒரு நேரத்தில் எடுத்து நீட்டுவது. மூன்றிலும் தனித்தனியாகப் பிழைக்கலாம். எங்களுக்கு மூன்றிலும் பிழைத்தது.

பொறுக்குவதில் இருந்து தொடங்குகிறேன். ஒவ்வொரு இரவும் உரையாடல்களை ஒரு மொழி மாதிரியிடம் கொடுத்து, வாடிக்கையாளரின் விருப்பங்களை எடுத்து எழுது என்று சொல்லியிருந்தோம். கேட்க நியாயமான வேலைதான். ஆனால் அந்த அம்மா வெள்ளை பிடிக்கும் என்று எங்கேயும் சொல்லவில்லை. வாங்கினார், அவ்வளவுதான். துக்கத்துக்கு வாங்கியது விருப்பம் ஆகிவிட்டது. விருப்பம் என்று ஒரு பெட்டி கொடுத்து நிரப்பச் சொன்னால் மொழி மாதிரி எப்படியும் எதையாவது தேடி நிரப்பும், வெறுமையாக விடுவது குறைவு. கூடவே விதவை என்ற தகவலையும் பயன்படும் என்று எண்ணி எழுதி வைத்தது.

நாங்கள் செய்த முதல் மாற்றம் இந்தத் திறந்த பெட்டியை மூடியது. இப்போது சேமிக்கக்கூடியவை ஐந்தே ஐந்து: சேலைக் கரை சிறியதா பெரியதா, சாரத்தின் நீளம், பிளவுஸ் துணி வேண்டுமா, பொதியை எங்கே இறக்குவது, தமிழ் எழுத்தில் பேசுவதா ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டுவதா. நிறம் அந்தப் பட்டியலில் இல்லை. நிறம் ஒவ்வொரு முறையும் காரியத்தைப் பொறுத்து மாறும், அதை ஞாபகம் வைப்பதால் மிச்சமாவது ஒரு கேள்விதான். ஐந்துக்கு வெளியே எது வந்தாலும் எழுதுவதற்கு இடமே இல்லை. எழுதாதே என்று மாதிரியிடம் அறிவுறுத்துவதும், எழுத இடமே இல்லாமல் செய்வதும் ஒன்றல்ல. அறிவுறுத்தல் நூற்றில் சில முறை தவறும். இல்லாத பெட்டிக்குள் எதையும் போட முடியாது.

ஐந்தையும் தேர்ந்தெடுக்க நானா ஒரு அளவுகோல் தந்தார். அந்தப் போனை வீட்டு விறாந்தையில் வைத்து யார் சத்தமாக வாசித்தாலும் ஒருவருக்கும் முகம் சுருங்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் இது முக்கியம். ஒரு போன் எண் என்பது ஒரு ஆள் என்று வெளிநாட்டுப் பாடங்களில் எடுத்துக்கொள்வார்கள். இங்கே உம்மாவின் எண்ணில் மகன் எழுதுவான், மகன் கட்டாருக்குப் போனால் அவனுடைய எண்ணை மருமகள் பாவிப்பாள். எண்ணின் கீழ் வைக்கும் எதுவும் அந்த வீட்டில் எல்லாருக்கும் பொது என்று நினைத்தே வைக்க வேண்டும்.

இனிச் சம்மதம். முதலில் எங்களிடம் இருந்தது, உரையாடல் தொடங்கும்போது போகும் ஒரு நீண்ட மெசேஜ். சேவையை மேம்படுத்த உங்கள் விவரங்களைச் சேமிக்கலாம், தொடர்ந்தால் சம்மதம் என்று கொள்வோம் என்ற மாதிரி. அதை ஒருவரும் வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும், எதைச் சேமிப்போம் என்று அந்த நேரத்தில் எங்களுக்கே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு ஒருவர் எப்படிச் சம்மதிப்பார்?

இப்போது கேள்வி அந்த அந்த இடத்தில் வருகிறது. ஒருவர் பெரிய கரை பிடிக்காது என்று சொன்னால், ஓடர் எடுத்து முடிந்த பிறகு, சிறிய கரை என்பதை அடுத்த முறைக்குக் குறித்து வைக்கவா என்று கேட்கிறோம். ஓடர் முடிந்த பிறகு என்பது வேண்டுமென்றே செய்தது. முடிய முதல் கேட்டால், வேண்டாம் என்றால் சேலை வராதோ என்று பயந்து சிலர் ஓம் சொல்வார்கள். பதில் வராவிட்டால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிறோம், மறுபடி கேட்பதில்லை.

இதில் நாங்கள் எதிர்பார்க்காத சிக்கல் தமிழிலேயே இருந்தது. முதல் வாரத்தில் சம்மதம் என்று பதிவானவற்றை ஒவ்வொன்றாக உட்கார்ந்து வாசித்தேன். நிறையப் பேர் எழுதியிருந்தது "சரி". அந்தச் சரி எதற்கு? ஓடர் சரி, பேசியது போதும், வைக்கிறேன் என்று போனை வைக்க முதல் சொல்லும் சரி அது. சம்மதம் இல்லை. "பரவாயில்லை" இன்னும் மோசம். குறித்து வைக்கவா என்றால் பரவாயில்லை என்பவர் பெரும்பாலும் தேவையில்லை என்கிறார், ஆனால் நிரல் அதை ஆட்சேபணை இல்லை என்று படித்திருந்தது. "ம்" என்பதை என்னவென்று சொல்ல? "ஓம்" ஒன்றுதான் இங்கே தெளிவு, அதையும் "om" என்று தட்டினால் முதலில் நிரலுக்கு விளங்கவில்லை.

வார்த்தையை ஊகிப்பதை விட்டுவிட்டு பொத்தான் வைத்தோம். வட்ஸ்அப் வணிகக் கணக்கில் ஒரு மெசேஜின் கீழ் மூன்று பொத்தான் வரை வைக்கலாம். எங்களுக்கு இரண்டே போதும்: "குறித்து வையுங்கள்", "வேண்டாம்". பொத்தானை அழுத்தினால் மட்டும் சம்மதம். எழுத்தில் என்ன வந்தாலும், ஓம் என்றே வந்தாலும், பொத்தானைத்தான் மறுபடி காட்டுகிறோம், அதுவும் ஒரு முறைதான். குறித்து வைப்பவர்களின் எண்ணிக்கை நன்றாக விழுந்தது. நண்பருக்குக் கவலை. எனக்கில்லை, விழுந்ததெல்லாம் முன்பே இல்லாத சம்மதங்கள்.

சேமித்த ஒரு பதிவு இப்போது இப்படி இருக்கும்:

```
key:      border
value:    சிறிய கரை
source:   msg_48213
consent:  button, 2025-06-14
use_for:  saree_order
expires:  2026-06-14
```

இதில் நான்கு வரிக்கு வேலை இருக்கிறது. source என்பது எந்த மெசேஜிலிருந்து இது வந்தது என்ற அடையாளம், அழிக்கும்போது இது இல்லாவிட்டால் கைகட்டி நிற்க வேண்டியதுதான், கீழே சொல்கிறேன். consent எப்படி, எப்போது கிடைத்தது என்பது. use_for இதை எதற்கு எடுக்கலாம் என்பது. expires ஒரு வருடத்தில் தானாக அழியும் நாள். போன் எண்கள் கைமாறுவதால் இந்தக் கடைசி வரியை விடவே முடியாது. கைவிட்ட எண் ஒன்றை நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்தால், பழைய ஆளின் பொதி எங்கே இறங்கும் என்பது புதியவருக்குப் போய்விடும்.

எடுத்து நீட்டுவதுதான் ஆட்களை உண்மையில் திடுக்கிட வைக்கும் இடம். மகளைக் காயப்படுத்தியது எங்கள் சர்வரில் இருந்த ஒரு வரி அல்ல, வரவேற்புச் சொல்லோடு அது அவருடைய கையில் வந்து விழுந்தது. ஹெலன் நிசன்பாம் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2004 இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். தகவல் எந்தச் சூழலில் சொல்லப்பட்டதோ அந்தச் சூழலின் மரியாதைக்கு ஏற்றபடி ஓட வேண்டும், ரகசியமா பகிரங்கமா என்ற ஒரே கேள்வி போதாது என்பது அதன் சாரம். முப்பத்தோராம் நாள் என்று அந்த அம்மா சொன்னது பொதி எப்போது சேர வேண்டும் என்பதற்காக. அந்த வேலைக்கு அது சரியாகப் பயன்பட்டது. அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

நல்ல கடைக்காரருக்கு இது கைவந்த விஷயம். நானாவுக்கு இருபது வருட வாடிக்கையாளரின் வீட்டு நல்லது கெட்டது எல்லாம் தெரியும். அந்த அம்மா நேரே கடைக்கு வந்திருந்தால், வாங்க, இருங்க என்று கதிரையை இழுத்துப் போட்டு, என்ன வேணும் என்று கேட்டிருப்பார். வெள்ளையைப் பற்றி வாய் திறந்திருக்க மாட்டார். தெரிந்திருப்பதும் சொல்வதும் வேறு வேறு என்பது அவருக்கு இயல்பாக வரும். எங்கள் நிரலில் அந்த வேறுபாடே இருக்கவில்லை. சேமித்தவை எல்லாவற்றையும் ஒவ்வொரு உரையாடலின் தலைப்பிலும் ஒட்டிக்கொண்டிருந்தோம், கண்ணில் பட்டதை மொழி மாதிரி பேசியது.

இப்போது எதையும் முன்கூட்டி ஒட்டுவதில்லை. வருகிறவர் சேலை என்று சொன்ன பிறகே use_for இல் சேலை என்று இருக்கும் பதிவு மட்டும் எடுக்கப்படும். வணக்கம் சொல்லும் நேரத்தில் அந்தக் கட்டுக்குள் பழையது ஒன்றும் இருக்காது, இல்லாததை மாதிரியால் சொல்லவும் முடியாது. எடுத்துப் பயன்படுத்தினால் அதைக் காட்டவும் வேண்டும். கேட்காமலே சிறிய கரைச் சேலைகளை மட்டும் காட்டினால், கடையில் வேறு இல்லையோ என்று நினைப்பார்கள். ஆகவே படங்களின் கீழ், சிறிய கரை என்று ஜூன் மாதம் நீங்கள் சொன்னபடி தெரிவு செய்தவை என்று ஒரு வரியும், பக்கத்தில் "மாற்ற" என்றொரு பொத்தானும். எப்போது சொன்னது என்று சேர்த்த பிறகு, இது எப்படித் தெரியும் என்ற கேள்வி வருவதே இல்லை.

அழிப்பதற்கு வருவோம், இதில்தான் நாள்கள் போயின. அந்த அம்மாவின் இரண்டு வரிகளையும் அன்றைக்கே கடையில் இருந்தபடியே அழித்தேன். மகளுக்கு நானா போன் எடுத்து, எல்லாம் அழிச்சாச்சு மகள் என்றார். நான் கல்முனை பஸ் எடுத்து வீட்டுக்கு வந்தேன். அடுத்த நாள் காலை ஒரு சந்தேகத்தில் மறுபடி திறந்து பார்த்தால், "விரும்பும் நிறம்: வெள்ளை" அப்படியே இருந்தது.

இரவில் ஓடும் அந்த வேலை பழைய மெசேஜ்களையும் சேர்த்து வாசித்து மறுபடி எழுதியிருந்தது. பதிவை அழித்தேன், பதிவு பிறந்த இடத்தை விட்டுவிட்டேன். இது எங்களுக்கு மட்டும் உரிய பிழையும் இல்லை. சட்ஜிபிடியில் 2024 இல் ஞாபக வசதி வந்தபோதும், உரையாடலை அழிப்பது ஒரு வேலை, அதிலிருந்து சேமித்த ஞாபகத்தை அழிப்பது வேறு வேலை என்றுதான் இருந்தது. உரையாடலை அழித்தவர்கள் எல்லாம் போய்விட்டது என்று நினைப்பது இயல்பு.

எங்கெங்கே பிரதி இருக்கிறது என்று அறிய ஒரு சோதனை செய்தோம். வேறு யாரும் எழுதாத ஒரு சொல்லை எடுத்தோம்: பொன்மஞ்சள். என் எண்ணிலிருந்தும் நண்பரின் எண்ணிலிருந்தும் பொன்மஞ்சள் கரை வேண்டும் என்று எழுதி, சோதனைக்கு மட்டும் நிறத்தையும் சேமிக்க இடம் கொடுத்து, சம்மதித்து, இரண்டு நாள் விட்டு, அழிக்கச் சொன்னோம். அப்போது நிரல் அந்தச் சொல்லைத் தேடித்தான் மெசேஜ்களை அழித்தது. பிறகு ஒவ்வொரு அட்டவணையிலும் தேடினோம்.

```
SELECT count(*) FROM messages
WHERE body LIKE '%பொன்மஞ்சள்%';
```

விடை 0. உரையாடல் சுருக்கம் வைக்கும் அட்டவணையிலும் 0. சந்தோஷப்பட்டோம். ஆனால் நண்பர் சும்மா இருக்காமல் தன் எண்ணின் மெசேஜ்களைக் கண்ணாலேயே உருட்டிப் பார்த்தார். அங்கே பொன்மஞ்சள் இருந்தது, திரையில் அதே எழுத்தில்.

காரணம் "பொ". யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், தேடும் இயந்திரத்துக்கு வேறு வேறு. நண்பரின் பழைய போனில் இருந்த விசைப்பலகை இரண்டாக எழுதியிருந்தது. சேமிக்க முதல் எல்லா எழுத்தையும் NFC என்ற சீரான வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும், மாற்றினோம். ஆனாலும் அதே ஆள் அடுத்த மெசேஜில் ponmanjal என்று எழுதினால் அதற்கு என்ன செய்வது? சொல்லைத் தேடி அழிப்பது தமிழில் ஒருபோதும் முழுமையாகாது என்று அன்றைக்கு விளங்கியது.

அதனால்தான் source என்ற வரி. இப்போது ஒரு பதிவை அழிக்கச் சொன்னால், அது வந்த மெசேஜின் அடையாளத்தை எடுத்து, அந்த மெசேஜை அழித்து, அதிலிருந்து பிறந்த சுருக்கத்தையும், அர்த்தத்தை வைத்துத் தேடுவதற்காக எண்களாக மாற்றி வைத்த வடிவத்தையும் அதே அடையாளத்தைப் பிடித்து அழிக்கிறோம். சுருக்கம் பல மெசேஜ்களிலிருந்து சேர்ந்து உருவானது என்றால் அதில் ஒரு வரியை வெட்டிப் பார்ப்பதில்லை, முழுதையும் எறிந்துவிட்டு மிச்சத்திலிருந்து புதிதாக எழுதுகிறோம். இரவு வேலையையும் நிறுத்திவிட்டோம். பொத்தான் அழுத்தும் நேரத்தில் பதிவாவது மட்டும்தான் பதிவு.

காப்புப் பிரதி ஒன்று மிச்சம். ஒவ்வொரு நாளும் எடுத்து 14 நாள் வைக்கிறோம். அதற்குள் போய் ஒரு ஆளின் வரியை மட்டும் பிடுங்குவது நடைமுறையில் சாத்தியமில்லை. ஆகவே அழித்தவற்றின் அடையாளங்களை மட்டும், உள்ளடக்கம் இல்லாமல், ஒரு தனிப் பட்டியலில் 14 நாள் வைத்திருக்கிறோம். சர்வர் விழுந்து பழைய பிரதியை ஏற்ற வேண்டி வந்தால், கடையைத் திறக்க முதல் அந்தப் பட்டியலை ஓடவிட்டு மறுபடி அழித்த பிறகே மெசேஜ் வாங்கத் தொடங்கும். வாடிக்கையாளருக்குப் போகும் பதிலிலும் இது இருக்கிறது: இப்போதே அழித்தாயிற்று, காப்புப் பிரதியிலிருந்து 14 நாளில் போய்விடும், வாங்கியதற்கான பில் மட்டும் கணக்குக்காக இருக்கும். பில்லையும் அழித்ததாகச் சொன்னால் அது பொய். மொழி மாதிரியை நடத்தும் நிறுவனத்தின் பக்கம் தங்கும் பிரதியில் எங்கள் கை எட்டாது, அதனால் அங்கே பெயரும் போன் எண்ணும் போகாதபடி முன்னமே கழற்றி விடுகிறோம்.

அழிக்கச் சொல்வதும் சேமிக்கச் சொன்ன அளவுக்கு இலகுவாக இருக்க வேண்டும். சேமிக்க ஒரு பொத்தான் என்றால் அழிக்கவும் ஒரு பொத்தான். முதலில் வலைத்தளத்தில் படிவம் ஒன்று வைத்திருந்தோம், அதை நிரப்ப ஒருவரும் வரவில்லை. இப்போது "என்ன குறிச்சு வைச்சிருக்கீங்க" என்பது போல எப்படிக் கேட்டாலும் பட்டியல் வரும், ஒவ்வொரு வரியின் கீழும் அழிக்கும் பொத்தான் இருக்கும். ஏன் அழிக்கிறீர்கள் என்று கேட்பதில்லை.

இலங்கையின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையையும் அழிக்கக் கேட்கும் உரிமையையும் எழுதி வைத்திருக்கிறது. இனம், சமயம், உடல்நலம் பற்றிய தகவல்களைத் தனியாக எடுத்துக் கூடுதல் காவல் வைக்கிறது. சட்டத்தின் எல்லாப் பகுதிகளும் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை என்பதால் சின்னக் கடைகளுக்கு இது தூரத்து விஷயமாகத் தெரியலாம். ஆனால் கிழக்கில் ஒரு ஊர்ப் பெயரும் ஒரு துணி வகையும் சேர்ந்தாலே ஆள் எந்தச் சமூகம் என்று தெரிந்துவிடும். தொழுகைக்குக் கட்டும் சாரம், தீட்சைக்கு வேட்டி என்று சேமித்தால் சமயத்தைச் சேமித்தது போலத்தான். எங்கள் ஐந்து வரிகளில் பொதி இறங்கும் இடம் ஒன்றுதான் இதற்குக் கிட்ட வருகிறது, அதை ஊர்ப் பெயராக வைக்காமல் பஸ் நிறுத்தமாக வைத்தோம்.

அந்த மகள் பிறகு நாலு சேலையும் எடுத்தார், நீலத்தில் இரண்டு, பச்சையில் இரண்டு. நேரே கடைக்கு வந்துதான் எடுத்தார், அம்மாவும் கூட வந்தார். அந்த எண்ணின் கீழ் நீண்ட நாள் ஒன்றுமே இருக்கவில்லை. போன மாதம் பார்த்தபோது ஒரு வரி இருந்தது: பிளவுஸ் துணி வேண்டாம். பொத்தான் அழுத்திய நாளும், ஒரு வருடத்தில் அது அழியும் நாளும் பக்கத்தில்.